படத்தை வைத்தவரே விளக்கத்தையும் எழுதட்டும்: பெங்களூரில் தமிழ் ஆய்வறிக்கை வெளியிடும் அமைப்புகளின் அறிக்கைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறிக்கைக் குழுவினருக்கு,

வணக்கம். நான் அல்சூரில் வசிக்கிறேன். எனக்குப் பார்வை இல்லை. கணினித் திரையில் இருப்பதைக் குரலாக மாற்றித் தரும் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் வழியாகவே படிக்கிறேன், எழுதுகிறேன். இந்த நகரத்துத் தமிழர்களின் குடியேற்றம், பள்ளிகள், தொழில் ஆகியவை பற்றி உங்களைப் போன்ற அமைப்புகள் வெளியிடும் அறிக்கைகளைத் தேடிப் படிப்பவர்களில் நானும் ஒருவர். அந்த அறிக்கைகளில் உள்ள படங்களைப் பற்றித்தான் இந்த மடல். படம் என்று நான் சொல்வது அட்டைப்படத்தையோ விழாப் புகைப்படத்தையோ அல்ல. ஆய்வின் முடிவைத் தாங்கி நிற்கும் வரைபடங்களையும் விளக்கப்படங்களையும்.

அண்மையில் என் கைக்கு வந்த ஓர் அறிக்கையில், நகர மக்கள்தொகை பற்றிய அத்தியாயம் இப்படி ஒலித்தது: "படம் 3 காட்டுவதுபோல, இந்த மாற்றம் கடைசிக் கட்டத்தில் தெளிவாகத் தெரிகிறது." அடுத்து, "கிராஃபிக்" என்று ஒரு சொல். அதற்கடுத்து, "படம் 3: பெங்களூர் மக்கள்தொகை வளர்ச்சி." அடுத்த பத்தி தொடங்கிவிட்டது. எந்த மாற்றம், எவ்வளவு, எது கடைசிக் கட்டம் என்ற மூன்றுமே அந்தப் படத்துக்குள் இருந்தன. அந்த அத்தியாயத்தின் வாதம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் மேல் நின்றதால், அதன்பின் வந்த நான்கைந்து பக்கங்களை நான் நம்பியோ மறுத்தோ படிக்க இயலவில்லை.

இதைச் சொன்னால், "அடுத்த முறை மாற்று உரை சேர்க்கச் சொல்லிவிடுகிறோம்" என்று அன்போடு பதில் வரும். மாற்று உரை என்பது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படித்துச் சொல்லும் எழுத்து விளக்கம். அதை யாரிடம் சொல்வீர்கள் என்பதில்தான் என் கவலை. பெரும்பாலும் பக்க வடிவமைப்பு செய்பவரிடம், அச்சுக்குப் போகும் முந்தின நாள் சொல்லப்படுகிறது. அவர் படத்தின் தலைப்பையே மாற்று உரைப் பெட்டியிலும் ஒட்டிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அதற்குமேல் அவருக்குத் தெரிய வழியில்லை. அந்தப் படம் எதற்காக அங்கே வைக்கப்பட்டது என்பது அதை வைத்த ஆய்வாளருக்குத்தான் தெரியும். ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான்: ஒரு படத்தை அறிக்கையில் வைக்க முடிவு செய்தவரே, வைக்கும் அன்றே, அதன் விளக்கத்தையும் எழுத வேண்டும்.

ஏன் இதை வலியுறுத்துகிறேன் என்பதை அந்தப் படம் 3-ஐக் கொண்டே காட்டுகிறேன். பார்வையுள்ள நண்பர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: அது ஒரு கோட்டு வரைபடம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பெங்களூரும் அதையொட்டிய நகர்ப்பகுதிகளும் சேர்ந்த தொகுதியின் மக்கள்தொகை. 1971இல் 16.6 லட்சம், 1981இல் 29.2 லட்சம், 1991இல் 41.3 லட்சம், 2001இல் 57 லட்சம், 2011இல் 85.2 லட்சம். ஐந்தே புள்ளிகள்.

இதற்கு மாற்று உரை எழுதச் சொன்னால் முதலில் வருவது, "மக்கள்தொகை வளர்ச்சி வரைபடம்." இது தலைப்பைத் திரும்பச் சொல்வது, நான் ஒரே செய்தியை இருமுறை கேட்பேன், அவ்வளவுதான். சற்று முயன்றவர் எழுதுவது, "நீல நிறக் கோடு இடப்பக்கம் கீழிருந்து வலப்பக்கம் மேலே செல்கிறது." நிறத்தையும் திசையையும் வைத்து நான் எதையும் முடிவு செய்ய முடியாது. இன்னும் அக்கறையுள்ளவர், "1971 முதல் 2011 வரை மக்கள்தொகை சீராக உயர்ந்துள்ளது" என்று எழுதுவார். மூன்றிலும் ஆபத்தானது இதுதான், ஏனென்றால் இது தவறு. முதல் இரண்டு பத்தாண்டுகளிலும் ஏறக்குறைய 12 லட்சம் பேர் கூடினார்கள். மூன்றாவதில் கிட்டத்தட்ட 16 லட்சம். கடைசிப் பத்தாண்டில் 28 லட்சம். கோடு சீராக ஏறவில்லை. 2001க்குப் பிறகு செங்குத்தாகத் திரும்புகிறது. கண்ணால் பார்ப்பவர் அந்தத் திருப்பத்தை ஒரு நொடியில் பிடித்துவிடுகிறார். "சீராக" என்ற ஒரே சொல் அதை என்னிடமிருந்து மறைத்துவிடுகிறது, மறைத்தது எனக்குத் தெரியவும் தெரியாது. விளக்கமே இல்லாவிட்டால் ஏதோ விடுபட்டிருக்கிறது என்றாவது அறிவேன்.

அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். அதே ஐந்து எண்களை விழுக்காடாகப் பார்த்தால் கதை வேறு. 1971க்கும் 1981க்கும் இடையே வளர்ச்சி ஏறக்குறைய 76 விழுக்காடு. அதற்கடுத்த இரண்டு பத்தாண்டுகளில் 41, 38 என்று இறங்கி, கடைசியில் 49. அதாவது தலைகளை எண்ணினால் கடைசிப் பத்தாண்டு உச்சம். விகிதத்தைப் பார்த்தால் முதல் பத்தாண்டு உச்சம். இரண்டும் உண்மை, இரண்டும் அதே படத்துக்குள் இருக்கின்றன. புதிய ரேஷன் கடைகளும் பள்ளிகளும் எத்தனை தேவை என்று பேசும் அறிக்கைக்கு 28 லட்சம் முக்கியம். எழுபதுகளில் நகரம் எவ்வளவு வேகமாக உருமாறியது என்று பேசும் அறிக்கைக்கு 76 விழுக்காடு முக்கியம். எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுப்பது ஆய்வாளரின் வேலை. அதை வடிவமைப்பாளர் தலையில் கட்டுவது அவருக்கும் நியாயமில்லை, எனக்கும் நியாயமில்லை.

சரி, எழுதுவது எப்படி? என் காதுக்கு அது எப்படி வந்து சேர்கிறது என்பதை முதலில் சொன்னால் மற்றவை தானாகப் புரியும். அறிக்கையின் உடல் உரையில் நான் சொல் சொல்லாக, வரி வரியாகப் பின்னுக்குப் போகலாம். தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். அட்டவணை என்றால் Ctrl, Alt விசைகளோடு அம்புக்குறியை அழுத்தி அறை அறையாக நகரலாம். ஒவ்வோர் அறையிலும் அது எந்த ஆண்டு, எந்த நெடுவரிசை என்று தலைப்பும் சேர்ந்து ஒலிக்கும். மாற்று உரைக்குள் இந்த வசதிகள் பெரும்பாலும் கிடையாது. அதற்குள் பத்தி பிரிக்க முடியாது, பட்டியல் வைக்க முடியாது, அட்டவணை வைக்கவே முடியாது. அது ஒரே மூச்சில் ஒலித்து முடியும் ஒரு சரம். பத்து எண்களை அதற்குள் அடைத்தால், ஏழாவதைக் கேட்கும்போது இரண்டாவது மறந்திருக்கும். இரண்டாவதைத் திரும்பக் கேட்க முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அதனால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். மாற்று உரைப் பெட்டியில் குறுகிய உரை: இது என்ன வகைப் படம், எதைப் பற்றியது, முக்கியமான ஒரு செய்தி என்ன, விவரம் எங்கே இருக்கிறது. இரண்டு மூன்று வாக்கியங்கள் போதும். 125 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இணைய அணுகல்தன்மைக்கான உலக வழிகாட்டுதலான டபிள்யூ.சி.ஏ.ஜி. அப்படி எந்த எண்ணையும் விதிக்கவில்லை. படம் செய்யும் அதே வேலையைச் செய்யும் மாற்று உரை இருக்க வேண்டும் என்றுதான் அதன் 1.1.1ஆம் விதி கேட்கிறது. நீண்ட விளக்கமும் எண்களும் அறிக்கையின் உடலிலேயே, படத்துக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் தெரியும்படி இருக்கட்டும்.

படம் 3க்கு நான் வேண்டுவது இதுதான். மாற்று உரை:

"கோட்டு வரைபடம்: பெங்களூர் நகர்ப்பகுதியின் மக்கள்தொகை, 1971 முதல் 2011 வரை. 16.6 லட்சத்திலிருந்து 85.2 லட்சமாக உயர்ந்தது; 2001க்குப் பிறகு ஏற்றம் மிகவும் செங்குத்தானது. எண்கள் அடுத்துள்ள அட்டவணையில்."

படத்துக்குக் கீழே, உடல் உரையாக:

"1971 முதல் 1991 வரை இரண்டு பத்தாண்டுகளிலும் ஏறக்குறைய 12 லட்சம் பேர் வீதம் கூடினர். 1991க்கும் 2001க்கும் இடையே இது 16 லட்சத்தை நெருங்கியது. 2001க்கும் 2011க்கும் இடையே 28 லட்சமானது. விகிதத்தில் பார்த்தால் முதல் பத்தாண்டின் 76 விழுக்காடே மிக அதிகம். கடைசிப் பத்தாண்டில் அது 49 விழுக்காடு."

அதற்கடுத்து ஆறு வரிகளில் ஓர் உண்மையான அட்டவணை: தலைப்பு வரி ஒன்று, ஆண்டுக்கு ஒரு வரி. அட்டவணையின் படம் அல்ல, அட்டவணை. எக்செல்லில் இருப்பதைத் திரையிலிருந்து படமாக வெட்டி ஒட்டும் பழக்கம் நம் அறிக்கைகளில் மிகுதி. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. எனக்கு அது இன்னொரு "கிராஃபிக்".

மேலே உள்ள விளக்கத்தில் எதை விட்டிருக்கிறேன் என்பதையும் பாருங்கள். "வியத்தகு வளர்ச்சி" என்று வியக்கவில்லை. எச்.எம்.டி., பி.இ.எல். போன்ற ஆலைகளை நம்பி வந்த குடும்பங்கள்தான் காரணம் என்றும் சொல்லவில்லை. அது உங்கள் ஆய்வின் கருத்தாக இருக்கலாம். அப்படியானால் அதை அத்தியாயத்தில் வாதிடுங்கள், எல்லாரும் படிக்கட்டும். படத்தில் இல்லாததைப் படத்தின் விளக்கத்தில் நுழைத்தால், எது தரவு, எது உங்கள் முடிவு என்று நான் பிரித்தறிய முடியாமல் போகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த லண்ட்கார்டு, சத்தியநாராயணன் என்ற இரு ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதே இடத்தைத் தொட்டது. வரைபட விளக்கங்களில் உள்ள வாக்கியங்களை அவர்கள் நான்கு படிநிலைகளாக வகுத்தார்கள்: படத்தின் கட்டமைப்பு, எண்களும் ஒப்பீடுகளும், போக்குகள், சூழலும் காரணமும். பார்வையுள்ளவர்களில் பலர் நான்காவது வகையை விரும்பினார்கள். பார்வையற்ற வாசகர்களில் பலருக்கு அது அவ்வளவாக உதவவில்லை. தரவைத் தாருங்கள், பொருளை நாங்களே கண்டுகொள்கிறோம் என்ற எங்கள் எதிர்பார்ப்பு அங்கே பதிவாகியிருக்கிறது.

விளக்கப்படங்களுக்கு வழி வேறு. ரேஷன் அட்டைக்கு விண்ணப்பிப்பது எப்படி என்பதைப் பெட்டிகளும் அம்புகளுமாக வரைந்திருப்பீர்கள். அதில் பெட்டியின் வடிவமோ இடமோ எனக்குத் தேவையில்லை, வரிசையும் கிளைகளும் மட்டுமே தேவை. எண்ணிட்ட பட்டியலாக உடல் உரையில் எழுதிவிட்டால் முடிந்தது: "3. முகவரிச் சான்று இருக்கிறதா? இருந்தால் படி 5க்குச் செல்க. இல்லையென்றால் படி 4." வேர்டில் தனித்தனி வடிவங்களாக வரைந்திருந்தால் அவற்றைத் தேர்ந்தெடுத்து ஒரே தொகுதியாக்கி, அந்தத் தொகுதிக்கு ஒரு மாற்று உரை தாருங்கள். இல்லையென்றால் "அம்பு", "செவ்வகம்", "அம்பு" என்று ஒவ்வொன்றாக ஒலிக்கும். பக்க ஓரத்துக் கோலம், பிரிப்புக் கோடு போன்றவற்றுக்கு விளக்கமே வேண்டாம். அந்தப் பெட்டியில் Mark as decorative என்பதைக் குறியிட்டால் திரைவாசிப்பான் அவற்றைத் தாண்டிச் சென்றுவிடும்.

இனி தமிழுக்கே உரிய ஒரு சிக்கல். ஆங்கில வழிகாட்டிகள் எதிலும் இது இருக்காது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம் அச்சகங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் புழங்குகின்றன. அவற்றில் தட்டச்சு செய்த பக்கம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். "தமிழ்" என்ற சொல் கோப்புக்குள் jkpo; என்றுதான் இருக்கிறது. திரைவாசிப்பான் எழுத்துருவைப் பார்ப்பதில்லை, எழுத்தைத்தான் பார்க்கிறது. ஆகவே நான் கேட்பது அந்த ஆங்கில எழுத்துகளின் உளறல். மாற்று உரைப் பெட்டியிலோ எழுத்துரு என்பதே கிடையாது. பாமினியில் எழுதிய விளக்கத்தை அங்கே ஒட்டினால் உங்கள் கண்ணுக்கும் அது jkpo; என்றே தெரியும். மாற்று உரை யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில் இருந்தே ஆக வேண்டும், உடல் உரையும்தான். உங்கள் பழைய அறிக்கை எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வருவதுதான் நான் கேட்பது.

ஒருங்குறியில் இருந்தாலும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஆவணத்தின் மொழி தமிழ் என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆங்கிலம் என்று இருந்தால் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலுக்கு மாறக்கூடும். சில ஆங்கிலக் குரல்கள் தமிழ் எழுத்துகளை விட்டுவிட்டு, நடுவில் வரும் எண்களை மட்டும் சொல்லும். இரண்டாவது, பி.டி.எஃப். கோப்பில் தமிழின் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் சில வேளை இடம் மாறிச் சொற்கள் சிதைகின்றன. அது உங்கள் கையில் முழுமையாக இல்லாத பிழை. அதனால் பி.டி.எஃப். உடன் வேர்டு கோப்பையும் சேர்த்து வெளியிடுங்கள். எனக்குப் பல முறை அந்த வேர்டு கோப்புதான் கை கொடுத்திருக்கிறது.

வேலை முறை பற்றிச் சில வரிகள். வேர்டில் படத்தின் மேல் வலச்சொடுக்கு செய்தால் Alt Text என்ற பெயரோடு ஒரு தெரிவு வரும். அங்கேதான் எழுத வேண்டும். இன்டிசைனில் Object Export Options. பி.டி.எஃப். ஆக்கும்போது Print வழியாகப் போகாதீர்கள். அப்படிச் செய்தால் எழுதிய மாற்று உரை, தலைப்புகள், அட்டவணை அமைப்பு எல்லாம் உதிர்ந்துவிடும். Save As வழியாகச் சென்று, Options பெட்டியில் Document structure tags for accessibility என்பது தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அத்தனை உழைப்பும் இந்தக் கடைசிப் படியில் வீணான அறிக்கைகளைக் கேட்டிருக்கிறேன்.

சரிபார்க்க என்.வி.டி.ஏ. இலவசமாகக் கிடைக்கிறது. 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கரன் தொடங்கியது அது. கோப்பைத் திறந்து, Browse mode எனப்படும் உலாவு முறையில் G விசையை அழுத்தினால் ஒவ்வொரு படமாகத் தாவும். ஆனால் அந்தச் சோதனை மாற்று உரை இருக்கிறதா என்பதை மட்டும்தான் சொல்லும், அது போதுமா என்பதைச் சொல்லாது. போதுமா என்று அறிய, அறிக்கையைப் பார்க்காத ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து விளக்கத்தை மட்டும் படித்துக் காட்டுங்கள். பிறகு இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எந்தப் பத்தாண்டில் அதிகம் பேர் கூடினார்கள்? எந்தப் பத்தாண்டில் விகிதம் அதிகம்? படத்தைப் பார்த்தவர் சொல்லும் பதிலையே அவரும் சொன்னால் விளக்கம் சரியாக இருக்கிறது. தடுமாறினால் எந்த வாக்கியம் விடுபட்டது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

சட்டத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அதன் 42ஆம் பிரிவில் தகவலையும் தகவல்தொடர்பையும் எங்களுக்கு எட்டும் வடிவில் தருவது பற்றிப் பேசுகிறது. 2024 நவம்பர் 8 அன்று, ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்துக்கு ஒவ்வாது, கட்டாயமான அடிப்படை விதிகள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்களை மிரட்ட இதை எழுதவில்லை. என் கோரிக்கையைத் தனிப்பட்ட ஒருவருக்கான சலுகையாக உங்கள் செயற்குழுவில் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

அடுத்த அறிக்கைக்கான பணியைத் தொடங்கும்போது, கட்டுரையாளர்களுக்கு அனுப்பும் குறிப்பில் ஒரு வரி சேருங்கள்: "படத்துடன் மாற்று உரையும், எண்கள் அடங்கிய அட்டவணையும், விளக்கப் பத்தியும் வராவிட்டால் அந்தப் படம் அறிக்கையில் சேர்க்கப்படாது." அச்சுக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பு வரைவின் வேர்டு கோப்பை எனக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு படத்தையும் கேட்டுவிட்டு, எனக்குப் புரிந்ததை என் சொற்களில் எழுதி அனுப்புகிறேன். நீங்கள் சொல்ல நினைத்தது அதுதானா என்று படத்தை வைத்தவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
தமிழ் அறிக்கைகளைக் காதால் படிக்கும் ஒரு வாசகர்
அல்சூர், பெங்களூரு